ரீசெட் பண்ணிக் காட்டுங்க காக்கா

கல்முனையில பாவிச்ச போன் விக்கிற எந்தக் கடைக்குப் போனாலும் முதல் காதில விழுற வசனம் ஒன்றுதான்: "ஹெல்த் நூறு இருக்கு தம்பி." அந்த நூறைக் கேட்டதும் பாதிப் பேருக்கு மனசு இளகிவிடும். போனின் மூலையில் கீறல் இருந்தாலும், பெட்டி இல்லாவிட்டாலும், பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றிவிடும். நூறு என்பது நூறுதானே.

எங்கட கெம்பஸ் பெட்ச்சில் புதுப் போன் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதம் ஆகும்போது 360ஐத் தொட்டது. அதற்குப் பிறகு புதுப் போன் என்பது வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகளுக்கு மட்டுமான சாமானாக மாறிவிட்டது. மற்ற எல்லாரும் பாவிச்ச போன்தான். கட்டாரிலிருந்து வந்தது, சவூதியிலிருந்து வந்தது, கொரியாவிலிருந்து வந்தது, யாரோ மாத்தினது, யாரோ வித்தது. சில கடைகளில் 'ரீஃபர்பிஷ்ட்' என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டி இருக்கும். கம்பனியே திருப்பி எடுத்து, திருத்தி, உத்தரவாதம் கொடுத்து விற்பதைத்தான் அந்தச் சொல் குறிக்க வேண்டும். ஆனால் இங்கே பெரும்பாலும் அதற்கு அர்த்தம் பெட்டரியும் பின் கண்ணாடியும் மாத்தி, துடைச்சு, கவர் போட்டது என்பதுதான். அந்த ஸ்டிக்கரை நான் ஒரு தகவலாகவே எடுப்பதில்லை.

மாவடிப்பள்ளியில் எங்கட வீட்டைச் சுத்தி உள்ளவர்களுக்கு நான் 'போன் தெரிஞ்சவன்'. கலைப் பீடத்தில் படிக்கிறவனுக்கு எப்படி இந்தப் பட்டம் கிடைத்தது என்று எனக்கே விளங்கவில்லை. இதுவரைக்கும் எட்டுப் பத்துப் பேருக்குத் துணையாகப் போயிருப்பேன். அதில் கடைசியாகப் போனது சாச்சிட மகளுக்கு. அவள் அபாயா தைக்கிறாள். ஓடர் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் வரும். துணியின் நிறம் சரியாகத் தெரிகிற மாதிரிப் படம் எடுத்துப் போட வேண்டும் என்பதால் ஐபோன் 11 ஒன்று பார்த்தாள். கையில் இருந்தது சாச்சி சீட்டில் எடுத்த 85,000 ரூபா. அடுத்த சீட்டு விழ இன்னும் ஒன்றரை வருசம். அந்தப் போன் பிழைத்தால் தொழிலும் சேர்த்துத்தான் நிற்கும்.

ரெண்டு போன் பார்த்தோம். ஒன்று ஒரு கடையில், 86,000 ரூபா, ஹெல்த் 100. மற்றது சாய்ந்தமருதில் ஒரு ஆள் விற்கிறது, 80,000 ரூபா, ஹெல்த் 84. யாரைக் கேட்டாலும் 6,000 கூடக் கொடுத்து நூறை எடு என்றுதான் சொல்வார்கள். நாங்கள் எடுத்தது எண்பத்து நாலை. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பாவிச்ச போனைப் பற்றி நாம் அறிய வேண்டிய மூன்று விசயம் மூன்று வேறு வேறு இடத்தில் கிடக்கிறது. பெட்டரி எப்படி இருக்கு என்ற விசயம் போனுக்குள்ளேயே இருக்கிறது. போனில் கை வைத்தவர் அதையும் மாத்தலாம். எக்கவுண்ட் லொக் இருக்கா இல்லையா என்பது போனில் இல்லை, அப்பிள் அல்லது கூகிள் கம்பனியின் சேர்வரில் இருக்கிறது. அதைக் கடைக்காரரால் மாத்த முடியாது, மறைக்க மட்டும் முடியும். போன் தடைப் பட்டியலில் இருக்கா என்பது நெட்வொர்க் கம்பனிகளிடமும் அரசாங்கத்திடமும் இருக்கிறது. அது இன்றைக்கு ஒரு மாதிரியும் அடுத்த மாசம் வேறு மாதிரியும் இருக்கலாம். ஆகவே மூன்றையும் ஒரே மாதிரிப் பார்க்க ஏலாது.

முதலில் அந்த நூறு.

இந்த இலக்கம் ஐபோனில் வந்ததே ஒரு சண்டைக்குப் பிறகுதான். பழைய பெட்டரி உள்ள போன்களை அப்பிள் வேகம் குறைக்கிறது என்று 2017 டிசம்பரில் வெளியே வந்தது. கம்பனியும் ஒத்துக்கொண்டது. 79 டொலருக்கு மாத்திக் கொடுத்த பெட்டரியை 2018 முழுக்க 29 டொலருக்கு மாத்திக் கொடுத்தார்கள். அந்த வருசம் மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3 இல்தான் பெட்டரியின் நிலையைப் பாவனையாளர் தானே பார்க்கிற இடம் முதன்முதலாக வந்தது. Settings > Battery > Battery Health என்று போனால் Maximum Capacity என்று ஒரு வீதம் தெரியும். புதிதாக இருந்தபோது பிடித்த சார்ஜில் இப்போது எத்தனை வீதம் பிடிக்கிறது என்பதே அதன் அர்த்தம். ஐபோன் 14 வரைக்குமான போன்களுக்கு, 500 தடவை முழுசாகச் சார்ஜ் ஆகி இறங்கினால் 80 வீதம் மிஞ்சும் என்பதுதான் கம்பனியின் கணக்கு.

இந்த வீதத்தைக் கணிப்பது போனின் மூளை இல்லை. பெட்டரியின் தலைப்பில் ஒரு சின்னப் போர்ட் இருக்கிறது. அதில் உள்ள சிப்தான் எவ்வளவு மின்சாரம் போகுது வருகுது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். போன் அந்தச் சிப்பைக் கேட்கும், சிப் சொல்வதைத் திரையில் காட்டும். தந்திரம் நடக்கிற இடமும் இதுதான். பழைய ஒரிஜினல் பெட்டரியிலிருந்து அந்தப் போர்டை வெட்டி எடுத்து, வேறு கம்பனியின் செல்லில் ஒட்டி, ஒரு கருவியில் மாட்டி, வீதத்தை 100 என்றும் சைக்கிளை 0 என்றும் எழுதிவிடலாம். போர்ட் ஒரிஜினல், அதன் தொடர் இலக்கமும் பழையதே. அதனால் போனுக்குச் சந்தேகம் வராது.

சரி, கடையில் நின்றுகொண்டு இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கழற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்தால் போதும். ஐபோன் 11 கடைக்கு வந்தது 2019 செப்டம்பரில். அந்தப் போனின் மூலைகள் தேய்ந்திருந்தன, சார்ஜ் குத்துற வாய் முழுக்கக் கீறல். பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த போன் இல்லை என்பது பார்த்ததும் தெரியும். அப்படியென்றால் அதன் சொந்தப் பெட்டரி இன்னும் நூறில் இருக்க வழியில்லை. பெட்டரி மாத்தி இருக்க வேண்டும். மாத்தினால், ஐஓஎஸ் 15.2க்குப் பிறகு Settings > General > About இல் Parts and Service History என்று ஒரு பகுதி தானாகவே தோன்றும். கம்பனியின் பெட்டரி முறையாகப் போட்டிருந்தால் Genuine Apple Part என்று இருக்கும். வெளிப் பெட்டரி என்றால் Unknown Part என்று இருக்கும். இந்தப் போனில் அந்தப் பகுதியே இல்லை.

அதாவது போன் சொல்வது இதுதான்: "எனக்குப் பெட்டரி மாத்தவே இல்லை, ஆனாலும் நூறு வீதம்." தேய்ந்த போன், நூறு வீதம், மாத்தின பதிவு இல்லை. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அந்த நூறு யாரோ எழுதின நூறு.

கடைக்காரரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். "பெட்டரி மாத்தினதா காக்கா?" "சேச்சே, ஒரிஜினல் பெட்டரி." நான் மேலே ஒன்றும் பேசவில்லை. வெளிச்சத்தை முழுசாக ஏத்தி, டேட்டாவில் ஒரு வீடியோவைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, சாச்சிட மகளும் நானும் கவர் பார்க்கிற மாதிரி அரை மணித்தியாலம் நின்றோம். நல்ல ஐபோன் 11 ஒன்று இப்படி ஓடினால் ஐந்து, ஆறு, கூடினால் எட்டு வீதம் இறங்கும். இது 71இல் தொடங்கி 57க்கு வந்தது. அதைவிட முக்கியம், 66இலிருந்து 61க்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. நல்ல பெட்டரி படி இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக இறங்கும். பாய்ந்தால், சிப் வைத்திருக்கிற கணக்கும் செல்லில் உள்ள மின்சாரமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இந்த மாதிரிப் போன்தான் 20 வீதத்தில் இருக்கும்போது கமரா திறந்ததும் செத்துப்போகும்.

நியாயமாகச் சொல்வதென்றால், போர்ட் மாத்தி ஒட்டின எல்லாப் பெட்டரியும் கூடாதது இல்லை. நல்ல செல் போட்டு, சுத்தமாக வேலை செய்கிற பாஸ்மாரும் இருக்கிறார்கள். Unknown Part என்ற எச்சரிக்கை வந்தால் வாங்குகிறவர் பயப்படுவார் என்பதற்காகவும் இப்படிச் செய்வார்கள். ஆனால் எந்தச் செல் என்று நமக்குத் தெரியாது. அது 'பெட்டரி மாத்தின போன்' விலைக்கு வர வேண்டிய சாமான், 'நூறு வீத' விலைக்கு இல்லை. Unknown Part என்று நேரடியாகக் காட்டுகிற போனை இதைவிட நான் நம்புவேன். அது தன் குறையை ஒளிக்கவில்லை.

சாய்ந்தமருதுப் போனின் 84ஐ வேறு விதமாகப் பார்த்தேன். Settings > Privacy & Security > Analytics & Improvements > Analytics Data என்று போனால் Analytics என்று தொடங்கித் திகதி போட்ட ஃபைல்கள் கிடக்கும். ஆக அண்மையதைத் திறந்து, முழுவதையும் கொப்பி பண்ணி, நோட்ஸில் போட்டு, இந்தச் சொல்லைத் தேட வேண்டும்:

```
last_value_CycleCount
```

அதற்குப் பக்கத்தில் இருக்கிற இலக்கம்தான் இதுவரை ஓடிய சைக்கிள். இதில் 612 என்று இருந்தது. 500க்கு 80 என்பது கம்பனியின் கணக்கு. 612க்கு 84 என்றால் கொஞ்சம் நன்றாகப் பாவிச்ச போன், அவ்வளவுதான். ரெண்டு இலக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. வீடியோச் சோதனையில் ஏழு வீதம் இறங்கியது, பாய்ச்சல் இல்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். விற்கிறவர் Share iPhone Analytics என்பதை நிறுத்தி வைத்திருந்தால் அந்த ஃபைல் இருக்காது. அது குற்றமும் இல்லை, நிறையப் பேர் நிறுத்தித்தான் வைத்திருப்பார்கள். அப்போது வீடியோவை மட்டும் நம்ப வேண்டியதுதான். ஐபோன் 15க்குப் பிறகு இந்தச் சுத்து வேலை தேவையில்லை, சைக்கிள் எண்ணிக்கை செட்டிங்ஸிலேயே வந்துவிடும்.

பெட்டரி பிழைத்தால் நட்டம் ஒரு பெட்டரியின் காசு. எக்கவுண்ட் லொக் பிழைத்தால் 80,000மும் போய்விடும். ஆனால் நம்ம ஆட்கள் பெட்டரிக்கு அரை மணித்தியாலம் பேசுவார்கள், லொக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். போன் திறக்குது, வட்ஸ்அப் ஓடுது, பிறகு என்ன லொக்?

திறக்கிற போனும் லொக் உள்ள போனாக இருக்கலாம் என்பதுதான் விசயம். Find My என்பது ஓனாக இருக்கும்போது, அந்தப் போன் யாருடைய எக்கவுண்டுக்குச் சொந்தம் என்பதை அப்பிளின் சேர்வர் குறித்து வைத்திருக்கும். போன் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது தெரியாது. என்றைக்காவது ரீசெட் ஆனால், அல்லது பழைய சொந்தக்காரர் தூரத்திலிருந்தே அழித்தால், iPhone Locked to Owner என்று ஒரு திரை வரும். அதற்குப் பிறகு அது கண்ணாடித் துண்டுதான். ஒரு காலத்தில் இலக்கத்தைப் போட்டு லொக் இருக்கா என்று பார்க்க அப்பிளே ஒரு பக்கம் வைத்திருந்தது. 2017 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே இப்போது ஆக நம்பகமான சோதனை ஒன்றுதான் மிஞ்சி இருக்கிறது: காசு கொடுக்க முன்னாடி, உங்கட கண் முன்னால், விற்கிறவரின் கையாலேயே ரீசெட் பண்ண வைப்பது.

Settings > General > Transfer or Reset iPhone > Erase All Content and Settings. Find My ஓனில் இருந்தால் அந்த இடத்தில் சொந்தக்காரரின் பாஸ்வேர்ட் கேட்கும். அதை அவர் தயங்காமல் அடித்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. அழிந்த பிறகு Hello என்று வரும். அங்கேயே சந்தோசப்பட்டு நிறுத்தக் கூடாது, ஏனென்றால் போன் இன்னும் சேர்வரிடம் கேட்கவில்லை. உங்கட ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்து, இன்டர்நெட்டில் சேர்த்து, ஹோம் ஸ்கிரீன் வரும்வரை போக வேண்டும். வழியில் Remote Management என்று வந்தால் அது ஏதோ கம்பனி அல்லது பாடசாலை தன் ஆட்களுக்குக் கொடுத்த போன். அதன் கட்டுப்பாடு அந்த நிறுவனத்திடம்தான் இருக்கும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஒன்றும் வராமல் ஹோம் ஸ்கிரீன் வந்தால், உங்கட சொந்த அப்பிள் எக்கவுண்டைப் போட்டுப் பாருங்கள். ஐபோன் X வரைக்குமான போன்களில் 2019இல் வெளியான செக்மேட் என்ற ஓட்டையைப் பாவித்து லொக்கைத் தாண்டி விற்கிறவர்கள் உண்டு. அந்தப் போன்கள் பார்வைக்கு நன்றாக ஓடும், ஆனால் ரீசெட் பண்ணினால் பழைய லொக் திரும்ப வந்து நிற்கும். "அப்டேட் மட்டும் குடுத்திராதீங்க, ரீசெட் பண்ணிராதீங்க" என்று ஒரு கடையில் அன்பாகப் புத்தி சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்த இடத்தில்தான் எங்கட ஊர்களில் சிக்கல் வரும். ரீசெட் பண்ணிக் காட்டுங்க என்று கேட்டால் அதை மானப் பிரச்சினையாக எடுத்துவிடுவார்கள். விற்கிறவர் யாரோ ஒருவரின் மச்சானாக இருப்பார், இல்லாவிட்டால் உங்கட மாமிட வீட்டுக்குப் பின் வளவாக இருப்பார். "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா? நாங்க எங்க ஓடிப்போகப்போறம்?" அவர் ஓடமாட்டார், உண்மைதான். ஆனால் லொக் அவரிடம் இல்லையே. அவருக்கு விற்றவரின் எக்கவுண்ட் அதில் கிடந்தால் அவருக்கே தெரியாது. நான் வழக்கமாகச் சொல்வது, "ஒங்கட ஃபோட்டோ எல்லாம் இதுல கிடக்குமே காக்கா, அழிச்சித் தந்தா ஒங்களுக்கும் நல்லம்" என்பதுதான். அது சாக்கு இல்லை, உண்மையும்கூட. வீட்டுப் பொம்பளைகளின் படத்தோடு போனை யாருக்கும் கொடுக்க அவருக்கும் விருப்பம் இருக்காது.

சாய்ந்தமருதுக்காரர் கோபிக்கவில்லை. ரீசெட் கொடுத்தார், பாஸ்வேர்ட் கேட்டது, அவர் முகம் மாறியது. போன் தோஹாவில் இருக்கிற அவரின் காக்கா 2023இல் அனுப்பியது. எக்கவுண்ட் அவருடையது. "அவரு வேலைல இருப்பாரு. நீங்க காசைத் தந்துட்டுக் கொண்டு போங்க, நாளைக்கு அவரு எடுத்து விடுவாரு." ஆள் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் காசு கொடுக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. தோஹா எங்களைவிட ரெண்டரை மணித்தியாலம் பின்னால். அவருக்கு வேலை முடிய ஆறு மணி என்றால் இங்கே எட்டரை. மஃரிபுக்குப் பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தோம். பிளேன்டியும் தந்தார்கள்.

எட்டே முக்காலுக்கு வீடியோ கோலில் காக்கா வந்தார். இந்த வேலைக்குப் போன் அவர் கையில் இருக்கத் தேவையில்லை. அவர் icloud.com/find இல் நுழைந்து, அந்தப் போனைத் தெரிவு செய்து, முதலில் Erase This Device கொடுத்தார். இங்கே மேசையில் கிடந்த போன் கொஞ்ச நேரத்தில் தானாக அழியத் தொடங்கியது. ஆனால் அழிப்பது மட்டும் லொக்கை எடுக்காது. அந்த நேரத்தில் Hello தாண்டிப் பார்த்தபோது iPhone Locked to Owner என்றே வந்தது, சாச்சிட மகளுக்கு முகம் வெளுத்துப்போனது. பிறகு அவர் அதே பக்கத்தில் Remove This Device கொடுத்தார். போனை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினோம், நேராக ஹோம் ஸ்கிரீனுக்குப் போனது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிசம். 'நாளைக்கு' என்று விட்டிருந்தால் அந்தப் பத்து நிமிசத்துக்காக எத்தனை நாள் அலைந்திருப்போமோ.

அன்ட்ரொய்டிலும் இதே கதைதான், பெயர் மட்டும் வேறு. 2015இல் வந்த அன்ட்ரொய்ட் 5.1இலிருந்து, எக்கவுண்டை எடுக்காமல் ரெக்கவரி வழியாக அழித்த போன் முன்பிருந்த கூகிள் எக்கவுண்டைக் கேட்டு நிற்கும். ஆகவே விற்கிறவர் முதலில் செட்டிங்ஸில் தன் கூகிள் எக்கவுண்டை எடுக்க வேண்டும், சம்சுங் என்றால் சம்சுங் எக்கவுண்டையும், ஷாவ்மி என்றால் மி எக்கவுண்டையும் எடுக்க வேண்டும். பிறகு ரீசெட், பிறகு இன்டர்நெட்டோடு முழு செட்டப். தவணைக்கு எடுத்துக் காசு கட்டாத சம்சுங் போன்களைக் கம்பனி தூரத்திலிருந்தே பூட்டுகிற முறையும் இருக்கிறது. அதுவும் இன்டர்நெட்டில் சேர்த்தால்தான் வெளியே வரும்.

கடைசியாக ஐஎம்இஐ. இது ஒவ்வொரு போனுக்கும் உள்ள 15 இலக்க அடையாளம்.

```
*#06#
```

என்று அழுத்தினால் திரையில் வரும். ஐபோன் 11இல் ரெண்டு இலக்கம் வரும், ஒன்று சிம்முக்கு, மற்றது இ-சிம்முக்கு. ரெண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். சிம் தட்டை இழுத்தால் அதிலும் சின்ன எழுத்தில் ஒரு இலக்கம் அடித்திருக்கும், திரையில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். தட்டை மாத்துவது லேசு, அதனால் ஒத்துப்போகாவிட்டால் உடனே களவு என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் ஏன் என்று கேட்கலாம். தட்டு வெளியே இருக்கும்போதே அந்த ஓட்டைக்குள் லைட் அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக ஒரு சின்ன அடையாளம் தெரியும். சிவப்பாக மாறி இருந்தால் போன் தண்ணி குடித்திருக்கிறது. வருசத்துக்கு ஒருக்கா வெள்ளம் பார்க்கிற எங்கட பக்கத்தில் இந்த ஒரு பார்வையை விடக் கூடாது.

இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதற்கு ஒரு குறுஞ்செய்திச் சேவை வைத்திருக்கிறது. IMEI என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் அடித்து 1909க்கு அனுப்ப வேண்டும். இப்படி:

```
IMEI 490154203237518
```

(இது உதாரணத்துக்கான இலக்கம், உங்கட போனின் இலக்கத்தைப் போடுங்கள்.) அந்தப் போன் ஆணைக்குழுவில் பதிவாகி இருக்கா என்று பதில் வரும். 2025 ஜனவரி 28க்குப் பிறகு பதிவில்லாத போன்களை உள்நாட்டு நெட்வொர்க்கில் இணைக்க விடமாட்டோம் என்று ஆணைக்குழு அறிவித்தது. அதற்கு முன்பே இங்கே பாவனையில் இருந்த போன்களுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் கையில் கொண்டுவந்த போன்கள்தான் எங்கட பக்கத்தில் கூட என்பதால், 'இது எப்போது இங்கே வந்தது, எந்தச் சிம் போட்டு ஓடியது' என்ற கேள்வி இப்போது காசுக்குரிய கேள்வி. சாய்ந்தமருதுப் போன் 2023இலிருந்தே இங்கத்தச் சிம்மில் ஓடியது. அவர் ஒரு பழைய ரீலோட் மெசேஜைக் காட்டினார்.

ஆனால் 1909இன் பதில் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பதிவாகி இருப்பது வேறு, களவுபோனதாக முறைப்பாடு இருப்பது வேறு. ஒரு நாட்டில் தவணை கட்டாமல் தடைப் பட்டியலில் ஏறின போன் இன்னொரு நாட்டில் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும், ஏனென்றால் எல்லா நாட்டு நெட்வொர்க்குகளும் தங்கட பட்டியலைப் பகிர்ந்துகொள்வதில்லை. தடைபட்ட போனிலும் வைஃபை ஓடும், கமரா ஓடும், கேம் ஓடும். நெட்வொர்க் மட்டும்தான் எடுக்காது. அதனால் கடையின் வைஃபையில் யூடியூப் பார்த்துவிட்டு வந்தால் ஒன்றும் பார்த்த மாதிரி இல்லை. உங்கட சிம்மைக் கழற்றிப் போடுங்கள். ஒரு கோல் எடுங்கள், ஒரு கோல் வர வையுங்கள், டேட்டாவில் ஒரு பக்கம் திறங்கள். ஐபோனில் About இல் Carrier Lock என்ற இடத்தில் No SIM restrictions என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு நாட்டுக் கம்பனியின் சிம்முக்கு மட்டும் பூட்டின போன்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு ஓட்டை மிஞ்சும். இன்றைக்குச் சுத்தமாக இருக்கிற இலக்கம் அடுத்த மாசம் அழுக்காகலாம். தொலைந்த போன்களுக்கு இலங்கைப் பொலிஸ் ineed.police.lk என்ற தளத்தில் முறைப்பாடு எடுக்கிறது. போனைப் பறிகொடுத்தவர் ரெண்டு கிழமை தேடிப் பார்த்துவிட்டுத்தான் முறைப்பாடு போடுவார் என்றால், அந்த ரெண்டு கிழமைக்குள் அந்தப் போன் கை மாறி உங்கட கைக்கு வந்திருக்கும். இதைப் பிடிக்க எந்தச் செட்டிங்ஸும் இல்லை, எந்த இலக்கமும் இல்லை. இதற்கு மருந்து கடதாசிதான். விற்றவர் யார் என்பதும், எந்த இலக்கம் உள்ள போனை எந்தத் திகதியில் எவ்வளவுக்கு விற்றார் என்பதும் எழுத்தில் இருந்தால், பொலிஸ் வந்து கேட்கிற நாளில் நீங்கள் காசு கொடுத்து வாங்கினவர் என்று காட்டலாம். இல்லாவிட்டால் களவுப் போன் வைத்திருந்தவர்.

கடைகளில் பில் தருவார்கள், ஆனால் 'ஐபோன் 11, ஒன்று' என்று மட்டும் எழுதுவார்கள். ஐஎம்இஐயையும் எழுதிக் கேளுங்கள். எழுத மறுத்தால் அது பெட்டரி நூறைவிடப் பெரிய தகவல். தனி ஆளிடம் வாங்கினால் ஒரு கொப்பித் தாள் போதும். சாய்ந்தமருதில் நாங்கள் எழுதினது நாலு வரி: அவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், ரெண்டு ஐஎம்இஐயும், விலையும் திகதியும், "எந்தத் தவணையும் முறைப்பாடும் இல்லாத என் சொந்தப் போன்" என்ற ஒரு வசனம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவரும் ஒரு கொப்பி கேட்டு எடுத்தார். நாளைக்கு இந்தப் போனை வைத்து யாராவது ஏதும் செய்தால் தனக்கும் வேண்டும் என்றார். சரியான பேச்சு.

80,000 சொன்னவர் 78,000க்கு விட்டார், காக்காட எக்கவுண்டால் ரெண்டு தரம் அலைய வைத்துவிட்டேன் என்று. மிச்சம் 7,000ஐ, 84 வீதம் 78 அளவில் இறங்குகிற நாளில் பெட்டரி மாத்த என்று சாச்சி தனியாக முடிந்து வைத்திருக்கிறார். சாச்சிட மகள் வீட்டுக்கு வந்ததும் தன் எக்கவுண்டைப் போட்டு, Find My ஐ ஓன் பண்ணி, ரெண்டு இலக்கத்தையும் அபாயா அளவு எழுதுகிற கொப்பியின் முதல் பக்கத்தில், தோள் அளவுக்கும் கை நீளத்துக்கும் மேலே எழுதி வைத்துக்கொண்டாள்.